சரிபார்த்தவர் கையெழுத்து

மருந்துக் கடையில் சித்தியின் வேலை நறுக்கென்று இருக்கும். டாக்டரின் சீட்டைப் படிப்பாள், மாத்திரை அட்டையோடு ஒருமுறை ஒப்பிடுவாள், உறையில் ‘சரிபார்த்தவர்’ என்று அச்சடித்த இடத்தில் ஒரு கிறுக்குக் கிறுக்கி நீட்டிவிடுவாள். அடுத்த ஆள் வரலாம். பதினெட்டு வருஷத்தில் கை நடுங்கியது கிடையாது.

அந்தக் கையெழுத்தைத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்து தொலைத்தாள்.

அக்கா போய்ச் சேர்ந்து பதினான்கு மாதம். அக்காவின் மகளுக்குப் பத்து வயது. எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் வக்கீல். அவளைப் பார்த்துக்கொள்ள சித்தி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் வக்கீல் அம்மாவுக்காக எட்டு வரிப் பிரார்த்தனை ஒன்றைச் சொல்வாள். கேட்கவே நன்றாக இருக்கும்.

ஒருநாள் நடுவில் நாக்குத் தட்டிற்று. முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“சித்தி, இப்ப சரியாச் சொன்னேனா?”

“சொன்னடி.”

“நிச்சயமா?”

விளையாட்டாகத்தான் சித்தி அவள் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். “மருந்துக்கடை முத்திரை விழுந்தாச்சு. இனிமே மேலிடத்துல யாரும் திருப்பி அனுப்ப முடியாது.”

வக்கீல் சிரித்தாள். மூன்று நாள் நிம்மதி. நான்காம் நாள் இரண்டு கையெழுத்து கேட்டாள். பிறகு, சித்தி எதிரே உட்கார்ந்து உதட்டையே பார்க்க வேண்டும் என்றாள். எட்டு வரி முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வீட்டுப் பாடம் அப்படியே கிடந்தது.

அக்கா கணவர் லேத் பட்டறையிலிருந்து வந்து, எண்ணெய்க் கையோடு வாசலிலேயே நின்று பார்ப்பார். கண் கலங்கிவிடும். “பத்து வயசுல யாருக்கு இவ்வளவு பக்தி வரும்? அம்மா மேல அவ்வளவு பாசம். விட்டுடும்மா.”

சித்தியும் விட்டாள். பிரார்த்தனைக் கூடத்தில் குழந்தைகளுக்கு வகுப்பு நடத்தும் அம்மாள் மூட்டுவலித் தைலம் வாங்கக் கடைக்கு வந்த அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

“எங்க உங்க வக்கீல்? முதல் வரிசைய விட்டு நகராத புள்ள. ஒன்றரை மாசமா ஆளையே காணோம்.”

“வீட்டுலயே சொல்றா. ரொம்ப பக்தி.”

அந்த அம்மாள் தைலத்தைப் பைக்குள் போடாமல் நின்றாள். “பக்தி கூடுனா கூடத்துக்கு ஓடி வரணும்ல? இவ ஏன் ஓடி ஒளியுறா?”

மறுவாரம் சித்தி, அக்கா கணவர், வக்கீல் மூவரும் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மனநலப் பிரிவில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் இளைஞர். அவருடைய பெரிய செருப்புகளை வக்கீல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிரார்த்தனை முடிஞ்சதும் மனசு எப்படி இருக்கும்?” என்று கேட்டார்.

வக்கீல் செருப்புகளைப் பார்த்தே சொன்னாள். “முடியவே மாட்டேங்குது.”

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சாமியை நினைக்கும்போது நடுவில் ஒரு கெட்ட வார்த்தை வருகிறது. வந்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அங்கே அம்மாவுக்குத் தண்டனை. பிரார்த்தனைக் கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது அந்த வார்த்தை வந்துவிட்டால்? அதனால்தான் போவதில்லை.

அக்கா கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்த வார்த்தைய நீ கூப்பிட்டியா?” என்று கேட்டார் டாக்டர்.

“இல்ல. வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்றேன்.”

“வேண்டாத நினைப்பு எல்லாருக்கும் வரும். எனக்கும் வரும். மத்தவங்க அதக் கண்டுக்காம விட்டுடறாங்க. நீ பயந்து துரத்துற. துரத்தத் துரத்த அது திரும்பி வருது. இதுக்குப் பேரு ஓசிடி, எண்ணச் சுழற்சி நோய்.” பெரியவர்கள் பக்கம் திரும்பினார். “இவளோட பக்திய நான் தொடமாட்டேன். அதுக்குள்ள பூந்த பயத்தத்தான் வெளிய அனுப்பணும்.”

சித்தி நோட்டை நீட்டினாள். கொஞ்சம் பெருமையோடுகூட. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று.

“யார் கையெழுத்து?”

“என்னுது.”

“பாசத்துலதான் போட்டிருக்கீங்க. ஆனா ஒவ்வொண்ணும் பயத்துக்குத் தீனி. கடையில கையெழுத்துப் போட்டதும் என்ன பண்ணுவீங்க?”

“மருந்தக் குடுத்துடுவேன்.”

“இவளால பிரார்த்தனைய அப்படிக் குடுத்துட முடியல. கையிலயே வச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்பப் பாக்குறா.”

சித்திக்குச் சுருக்கென்றது. இதைவிடத் தெளிவாக அவளுக்கு யாரும் எதையும் சொன்னதில்லை.

அடுத்த சந்திப்புக்குப் பிரார்த்தனை வகுப்பு அம்மாளையும் டாக்டர் வரவழைத்தார். ஒரு முறை சொன்னால் போதும், தட்டினாலும் குற்றமில்லை, கூப்பிடாமல் வந்த நினைப்பு பாவமாகாது என்று அந்த அம்மாள் வக்கீலிடமே சொன்னாள். இரண்டாவது முறை சொல்ல வாயெடுத்தபோது டாக்டர் கை காட்டித் தடுத்தார். “ஒரு தடவ சொன்னா தகவல். நூறு தடவ சொன்னா அதுவும் கையெழுத்துதான்.”

சிகிச்சை படிப்படியாகத்தான் என்றார் டாக்டர். படிகளை வக்கீலே வரிசைப்படுத்தினாள். முதலில் உதட்டைப் பார்ப்பது நிற்கும். பிறகு ஒரே கையெழுத்து. பிறகு பிரார்த்தனைக் கூடம், ஆனால் கடைசி வரிசை. உச்சிப் படி: ஒரே முறை, தட்டினாலும் கெட்ட வார்த்தை வந்தாலும் திரும்பச் சொல்லாமல், கையெழுத்தும் இல்லாமல். அவள் உத்தரவாதம் கேட்டால் சித்தி சொல்ல வேண்டிய பதிலையும் அவளே எழுதிக் கொடுத்தாள்: ‘அது எனக்குத் தெரியாது, வக்கீலம்மா.’

ஏழாவது வாரம் உச்சிப் படிக்கு வந்தார்கள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. சித்தி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆறாவது வரியில் வக்கீலுக்கு நாக்குக் குழறியது. எட்டாவது வரியை முடித்து நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“அது வந்துடுச்சு சித்தி. நடுவுல வந்துடுச்சு. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

சித்தியின் நாக்கு நுனியில் பதில் நின்றது. ‘ஒண்ணும் ஆகாதுடி என் தங்கம்.’ சொல்ல ஒரு நொடி போதும். இறந்தவள் தன் கூடப் பிறந்தவள். அந்தப் பதில் சித்திக்கே தேவைப்பட்டது.

“அது எனக்குத் தெரியாது, வக்கீலம்மா.”

“பொய்! உனக்குத் தெரியும். உன் அக்காதானே? உனக்கு அம்மா மேல பாசமே இல்ல!”

வாசலில் அக்கா கணவர் ஓர் அடி எடுத்து வைத்தார். சித்தி திரும்பாமலே கையை உயர்த்தினாள். அவர் நின்றுவிட்டார்.

“பயம் பத்துக்கு எவ்வளவு?” என்று வக்கீலைக் கேட்டாள்.

“ஒம்பது.”

“சரி. நான் இங்கதான் இருக்கேன்.”

துணி மடிந்தது. வக்கீல் அழுதாள், தலையணையைக் குத்தினாள், நோட்டைத் தூக்கி எறிந்தாள், தானே போய் எடுத்து வந்தாள். சித்தி கையெழுத்துப் போடவில்லை. ஒன்பது எட்டாயிற்று. மறுபடி ஒன்பது. அரைமணி நேரத்தில் ஆறு. கடைசித் துண்டை மடிக்கும்போது, “நாலு இருக்கும்,” என்றாள் வக்கீல். ஆச்சரியப்பட்ட குரல்.

கொஞ்ச நேரம் கழித்து, “சித்தி, அம்மாவுக்குத் தெத்துப்பல்லு எந்தப் பக்கம்?”

இதுவும் உத்தரவாதம் கேட்பதுதானோ? சித்தி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பயம் இல்லை. அக்கா போன பிறகு குழந்தை அம்மாவைப் பற்றி, வெறுமனே அம்மாவைப் பற்றி, கேட்கும் முதல் கேள்வி.

“இடது பக்கம். அத மறைக்கத்தான் கையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா.”

“வலது பக்கம்,” என்றார் வாசலிலிருந்தவர்.

“மாமா, நான் அவளோட ஒரே பாயில படுத்து வளந்தவ.”

“நான் பன்னெண்டு வருஷம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டவன்மா.”

வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சாட்சிங்க மாத்தி மாத்திச் சொல்றீங்க. போட்டோவ எடுங்க.”

பீரோவிலிருந்து ஆல்பம் வந்தது. கல்யாணத்தில், கடற்கரையில், வக்கீலை மடியில் வைத்துக்கொண்டு. எல்லாவற்றிலும் அம்மா சிரித்தாள். எல்லாவற்றிலும் வாய்மேல் கை.

வக்கீல் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தாள்.

“தெரியாதுன்னு எழுதிக்குங்க,” என்று வக்கீல் தீர்ப்புச் சொல்லி ஆல்பத்தை மூடினாள். “பசிக்குது சித்தி.”