வடித்த கீரை

கணவன் இறந்ததற்கு இருந்த நாலு மாத இத்தா முடிந்த மறுவாரம் ருமைஸா தன் உம்மா நஃபீசாவை டாக்டரிடம் கூட்டிப்போனாள். பிரஷர் கூடியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ருமைஸா போனில் ஏஐயைத் திறந்தாள். பழைய உரையாடல் ஒன்று கிடந்தது. துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்த அவள் கணவன் நவாஸுக்குச் சிறுநீரகம் பழுதான நாளிலிருந்து, அவனுக்கு என்ன சமைப்பது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தது. காயல்பட்டினத்து வழக்கப்படி அவன் மாமியார் வீட்டோடுதான் இருந்தான். அவன் மவுத்தான பிறகு அந்த உரையாடலை அவள் தொடவேயில்லை. வீட்டுச் சமையல் பக்குவமெல்லாம் அதில்தானே இருக்கிறது என்று, அதன் அடியிலேயே எழுதினாள். 'உம்மாவுக்கு பிரஷர். உப்பைக் குறைக்கணும். இந்த வாரம் என்ன சமைக்கலாம்?'

பதில் உடனே வந்தது. 'உப்பைக் குறைப்பது நவாஸுக்கும் நல்லது. ஒரே சட்டியில் இருவருக்கும் சமைத்துவிடலாம். கீரையையும் காய்களையும் நிறையத் தண்ணீரில் அவித்து வடித்துவிடுங்கள். வாழைப்பழம், இளநீர் வேண்டாம். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் முடிந்து அவர் சோர்ந்து வருவார். அன்றைக்கு இடியாப்பமும் முட்டை வெள்ளைக்கருவும் போதும்.'

சோர்ந்து வருவார் என்ற இடத்தை ருமைஸா பலமுறை படித்தாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் 'இருந்தாக', 'சொன்னாக' என்றே அவனைப் பேசினார்கள். இது ஒன்றுதான் அவன் வருவான் என்றது. திருத்தி எழுத விரல் எழவில்லை. 'சரி' என்று மட்டும் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை அவளாகவே கேட்டாள். 'இன்னிக்கு அவுகளுக்கு என்ன கொடுக்க?' அது அக்கறையாகச் சொன்னது. அவள் அதையே சமைத்து உம்மாவுக்கு வைத்தாள். அடுத்தடுத்த வாரங்களும் அப்படியே போயின. நஃபீசா தட்டைப் பாதியில் தள்ளிவைக்கத் தொடங்கினாள். எழுந்தால் தள்ளாடியது.

ஒருநாள் ருமைஸா கீரையை வடிக்கும்போது உம்மா அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"ஏளா, சத்தெல்லாம் தண்ணியில போவுது. எதுக்கு வடிக்க?"

"ஏஐ சொல்லிச்சு உம்மா."

"எனக்கா சொல்லிச்சு? மாப்பிள்ளைக்குல்ல இப்படி அவிப்பே."

நஃபீசா கையை நீட்டிப் போனை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். நவாஸ் என்ற பேர் வந்த இடத்தில் அவள் உதடு நின்றது.

"இதுக்கு விசயம் தெரியாதா?"

"நாம சொன்னாத்தான் தெரியும். எத்தன மாசம் ஆச்சுன்னும் அதுக்குத் தெரியல. நான் அன்னிக்கு எழுதினத வச்சே இன்னிக்கும் பேசுது."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா அவுக வாரதா இனி சொல்லாது உம்மா."

நஃபீசா அவளை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"எனக்கும் அந்தப் பேரக் கேக்கத்தான் ஆசையா இருக்கு," என்றாள் உம்மா. "ஆனா அவனுக்கு ஆக்குனத நான் தின்னா, அவன் வந்துருவானா, ஏளா? எழுது."

ருமைஸா எழுதினாள். நவாஸ் மவுத்தாகி மாதங்கள் ஆகிவிட்டன, இப்போது உம்மாவும் நானும் மட்டும்தான், உம்மாவுக்கு எழுந்தால் தள்ளாடுகிறது. அனுப்பும் முன் இருமுறை அழித்தாள். மூன்றாவது முறை உம்மா கையைப் பிடித்துக்கொள்ள, அனுப்பினாள்.

ஆழ்ந்த வருத்தம் என்று தொடங்கி, முன்பு எழுதியவற்றை இப்போதைய நிலை என்று எடுத்துக்கொண்டதாகவும், அந்தப் பதில்கள் உம்மாவுக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம் என்றும் அது எழுதியது. உம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டா, என்ன மாத்திரை என்று கேட்டது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் காயை வடிக்கத் தேவையில்லை. சில பிரஷர் மாத்திரைகளோடு இளநீர், வாழைப்பழம் அதிகமானால் ஆகாது என்பதால் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், தள்ளாட்டத்தையும் அவரிடம் சொல்லுங்கள் என்றது. அந்தப் பதிலில் நவாஸின் பேர் இருந்தது. அடுத்ததில் இல்லை.

மறுநாள் டாக்டரைப் பார்த்தார்கள். ரத்தம் சோதித்தார். சிறுநீரகத்துக்குக் குறையில்லை என்று சொல்லி, மாத்திரையின் அளவைக் குறைத்தார். உப்பு மட்டும் கட்டுப்பாடு, மற்றதை வயிறார சாப்பிடட்டும் என்றார்.

அன்று ருமைஸா கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கினாள். நஃபீசா ஒரு வாய் தின்றாள்.

"மாப்பிள்ளைக்கு அந்த வடிச்ச கீரை ஒருநாளும் பிடிச்சதில்ல," என்றாள். "நீ வருத்தப்படுவியேன்னு முழுங்குவான். நீ எந்திரிச்சு அங்கன போனதும் என்னப் பாத்து மூஞ்சியச் சுழிப்பான்."

"எனக்குத் தெரியாதே உம்மா."

"அவன் சொல்லக்கூடாதுன்னான்."

ருமைஸா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சோற்றுக் கையோடு உம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். நஃபீசா மருமகனைப் பற்றி இன்னொன்று சொன்னாள். பிறகு இன்னொன்று.