பதினேழாவது அத்தியாயம்

தம்பி எழுதிய நாவல் ஐந்நூற்று நாற்பது பக்கம். கையில் கொடுத்தபோது அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"அக்கா, மூணு வாரம் கழிச்சு சனிக்கிழம சாயங்காலம் வெளியீட்டு விழா. அதுக்குள்ள முழுசா படிச்சிடு. பதினேழாவது அத்தியாயத்த மேடையில வாசிக்கலாம்னு இருக்கேன். அம்மாவும் முன்வரிசையில இருப்பாங்க. நீ சரின்னு சொன்னாத்தான் வாசிப்பேன்."

பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருப்பவனுக்கு இத்தனை பயமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. "படிச்சிடறேன்டா, ஓடியா போகப்போறேன்?" என்றாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். வீட்டிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம், பிறகு ரயிலில் ஒரு மணிநேரத்துக்கு மேல். திரும்பும்போதும் அதே கதை. படிக்க வேறு நேரம் கிடையாது. முதல் நாள் புத்தகத்தையே எடுத்துப் போனாள். உட்கார இடம் இல்லை. ஒரு கை மேலே வளையத்தில், மறு கையின் கட்டைவிரல் பக்கங்களுக்கு நடுவில். ரயில் வளைவில் திரும்பியதும் புத்தகம் நழுவி எதிரே நின்றவரின் காலில் விழுந்தது. அவர் முறைத்த முறைப்பில் பக்கமும் மறந்தது, கதையும் மறந்தது.

மறுநாள் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். "மின்னூல்தான் விழாவுக்கு முன்னாடியே வந்துடுச்சே, போன்லயே வாங்கிக்கோயேன். ஒத்தக் கைல படிக்கலாம்." மாதிரிப் பக்கங்கள் இலவசமாகக் கிடைத்தன. ஆனால் பகலெல்லாம் மைக்ராஸ்கோப்பில் அணுக்களை எண்ணிய கண்ணுக்கு, ஆடும் ரயிலில் அந்தச் சின்ன எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்தன. நாலு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் குமட்டிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஒலிநூல். காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளலாம். நல்ல குரல். வேகத்தை ஒன்றேகால் மடங்காக வைத்தாள். பத்து நாளில் நாவல் முடிந்துவிட்டது. ஒரு மீன் சந்தை, அதில் ஒரு குடும்பம், ஒரு நீண்ட வழக்கு. பதினேழாவது அத்தியாயத்தில் வக்கீலின் கல்யாணம். இதற்கா இவ்வளவு பீடிகை?

வியாழக்கிழமை தம்பிக்குப் போன் செய்து சொன்னாள். "படிச்சிட்டேன்டா. அருமையா இருக்கு. தாராளமா வாசி."

"நெஜமாவா அக்கா?" என்றான். திரும்பவும் அதையே கேட்டான்.

"இதுல என்னடா இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து விழாவுக்கு ரயிலேறினாள். ஏறிய இரண்டாம் நிமிடம் அவனிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, நான் அன்னிக்கு உன் போன என்ன பண்ணேன்னு படிச்சப்புறமும் நீ எங்கூட எப்பவும்போல பேசுன. எனக்கு அது போதும். இன்னிக்கு அம்மா முன்னாடி எல்லாத்தையும் வாசிச்சிடறேன்."

திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் கேட்ட கதையில் போனும் இல்லை, அக்காவும் இல்லை.

ஒலிநூல் செயலியைத் திறந்து பட்டியலைப் பார்த்தாள். இருபத்துநாலு அத்தியாயம். புத்தகத்தில் முப்பத்தொன்று இருந்ததாக ஞாபகம். அட்டைப்படத்துக்குக் கீழே, இவ்வளவு நாளும் கண்ணில் படாத பொடி எழுத்தில் இருந்தது: சுருக்கிய ஒலிவடிவம்.

புத்தகமோ வீட்டில் கிடக்கிறது. மின்னூலின் மாதிரிப் பக்கங்கள் மூன்றாம் அத்தியாயத்தோடு முடிந்துவிட்டன. முழு நூலுக்கு வாங்கும் பொத்தானை அழுத்தினாள். பதிவிறக்கம் பாதி வந்ததும் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. திரையில் பதிவிறக்கச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனில் பதினோரு சதவீதம் சார்ஜ். பக்கத்தில் நின்ற பெண், "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெளிச்சம் வந்தது. நூல் திறந்தது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, பட்டியலில் பதினேழைத் தொட்டாள்.

பதினெட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மதியம் அதில் இருந்தது. வேலை பார்த்த கிடங்கில் தனியாக இருந்த அப்பாவுக்கு நெஞ்சுவலி. அக்காவின் போனுக்குக் கூப்பிடுகிறார். அக்கா குளித்துக்கொண்டிருக்கிறாள். பதினாலு வயதுத் தம்பி அந்தப் போனில் விளையாடிக்கொண்டிருக்கிறான். ஆட்டம் கெடுகிறதே என்று முதல் அழைப்பை வெட்டுகிறான். இரண்டாவதையும் வெட்டுகிறான். பிறகு மணியை அடக்கி, ஆட்டத்தை முடித்து, போனைத் தலையணைக்குக் கீழே செருகிவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுகிறான்.

ஒன்பது அழைப்புகள். ஒரு மணிநேரம் கழித்துத்தான் அவள் பார்த்தாள். படிக்கும்போது தொந்தரவு வேண்டாமென்று, தானேதான் மணியை அடக்கியிருக்க வேண்டும் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தாள். அம்மா அன்று அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீ எடுத்திருந்தா அவர் பொழச்சிருப்பார்டி." அதற்குப் பிறகு அம்மா சொல்லவே இல்லை. சொல்லாமலே பதினெட்டு வருடம் ஓடியது. அன்றிலிருந்து அவள் போனை ஒருநாளும் மௌனத்தில் போட்டதில்லை. ஆய்வுக்கூடத்தில் அதற்காகத் திட்டுகூட வாங்கியிருக்கிறாள்.

இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தபோது நான்கு சதவீதம் இருந்தது. அத்தியாயம் முடிந்திருந்தது.

மண்டபத்துப் பக்கவாசலில், கையில் புத்தகத்தோடு தம்பி நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரிக்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இப்பத்தான்டா படிச்சேன். ரயில்ல."

"ஆனா வியாழக்கிழமையே..."

"ஒலிநூல் கேட்டேன். அதுல இது இல்ல. வெட்டிட்டாங்க."

அவன் சுவரில் சாய்ந்தான். "சுருக்குவாங்கன்னு தெரியும். இத வெட்டுவாங்கன்னு தெரியாது. உன் கைல புத்தகத்தக் குடுத்தேனே, நீ அதத்தான் படிக்கிறன்னு நெனச்சேன்." பிறகு மெதுவாக, "அப்ப நீ மன்னிக்கல" என்றான்.

"தெரியாதத எப்படிடா மன்னிப்பேன்?"

உள்ளே ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் எட்டிப் பார்த்து, "சார், அஞ்சு நிமிஷம்" என்றார்.

அறைய வேண்டும்போல இருந்தது. அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கேட்டாள்: "ஏன்டா மேடையில?"

"வீட்ல நூறு தடவ வாயத் தொறந்தேன் அக்கா. வரல. எழுத்துல வந்துச்சு."

"கூட்டத்துக்கு முன்னாடி வாசிச்சா எல்லாரும் கை தட்டுவாங்க. அம்மா எழுந்து அழக்கூட முடியாது. வேற அத்தியாயம் வாசி. ஆனா அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட போய்ச் சொல்லு. புத்தகம் இல்லாம சொல்லு."

அவன் தயங்கினான். அவள் கையை நீட்டினாள். புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

வாசலிலிருந்தே பார்த்தாள். அம்மாவின் நாற்காலி முன்னால் அவன் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பேசுவது கேட்கவில்லை. அம்மா முதலில் அவன் தலையைத் தடவினார். பிறகு அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டார். அறிவிப்பாளர் இரண்டு முறை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாவது முறைதான் அவன் எழுந்து மேடைக்குப் போனான். வக்கீலின் கல்யாணத்தை வாசித்தான். அவன் குரல் நடுங்கியதைப் பதற்றம் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது.

அம்மா திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமாக, வலிக்கும்படி.

"நான் உன்ன..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

"வீட்ல பேசிக்கலாம்மா."

"இல்ல. இப்பவே சொல்றேன். நான் தப்பா சொல்லிட்டேன்டி. பதினெட்டு வருஷம்."

மேடையில் கைதட்டல் எழுந்தது. அதற்கு நடுவில்தான் அவள் அழுதாள். யாரும் கவனிக்கவில்லை.

தம்பியோடு அவள் அன்று பேசவில்லை. அடுத்த மூன்று வாரமும் பேசவில்லை. நாலாவது வாரம் அவன் கூப்பிட்டபோது எடுத்தாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டேன் என்றான். இருவருமே முதலில் போனை வைக்கவில்லை.