6.25க்கு மூடும் கேட்

எண்ணூரிலிருந்து ராயபுரம்வரை ரிலே. நால்வருக்கும் தலைக்கு மூன்று கிலோமீட்டர். எனக்குப் பதினோரு நிமிடம் போதும். கமாலுக்குப் பன்னிரண்டு, ஹென்றிக்குப் பதினான்கு, பதுருதீனுக்குப் பதினைந்து. ஹென்றி போட்ட திட்டத்தில் பதுருதீன் கடைசி, நான் இரண்டாவது.

"வேகமா ஓடறவன்தானே கடைசியில ஓடணும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"எப்படி மாத்தினாலும் மொத்தம் அம்பத்திரண்டு நிமிசம்தான், மாமு. ஆனா ரெண்டாவது ஆள் குச்சி குடுக்குற எடத்துல ரயில்வே கேட் கீது. 6.25க்கு மூடிடுவான். ஆறுக்குக் கமால் கெளம்பினா 6.12க்கு உன்கிட்ட, 6.23க்கு என்கிட்ட, 6.37க்கு பதுருகிட்ட."

போட்டியன்று ஹென்றி கடந்ததும் கேட் இறங்கியது. மற்ற மூன்று அணிகளின் குச்சிகளும் என் பக்கத்திலேயே நின்றன. அவற்றுக்காக ராயபுரம் பக்கம், கடைசியில் ஓடவென்று அந்த அணிகள் வைத்திருந்த மூன்று சூரர்கள் காத்திருந்தார்கள். அவர்களை அங்கேயே விட்டுவிட்டு, அவசரமில்லாமல், 6.52க்குப் பதுருதீன் எல்லைக்கோட்டைத் தொட்டான்.