மூன்று தட்டு

"ஏ அன்னம், உனக்கு எத்தன தடவ சொல்றது? இடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்கு மெய்யெழுத்து. இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல!" என்றாள் ஜெபக்கனி.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகையும் வால்போஸ்டரும் அடிக்கிற கடை அவளுடையது. அவள் விரல் விசைப்பலகையில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அன்னக்கொடிக்கும் வந்தது. மூன்றே நாளில் அந்த ஆசை செத்தும் போனது.

அன்னக்கொடி நூல்மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவில் இருந்தாள். படுக்கை மில் விடுதியில். அங்கே பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அதனால் அவள் மகள் கனிஷ்கா நான்கு வருஷமாக மதுரையில் தாய்மாமன் வீட்டில் வளர்கிறாள். மாமி கெட்டவள் இல்லை. ஆனாலும் அடுத்தவர் வீட்டில் இருக்கிற பிள்ளை இரண்டாவது தோசை கேட்காது. அதைச் சொல்லியா தெரிய வேண்டும்?

அந்த நேரத்தில்தான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. பன்னிரண்டாவது தேறியிருக்க வேண்டும், கணினியில் தமிழ் தட்டத் தெரிய வேண்டும். வேலை கிடைத்தால் விடுதியை விட்டு வெளியே வரலாம், ஓர் அறை பிடிக்கலாம், பிள்ளையைக் கூட்டி வரலாம். அன்னக்கொடிக்கு அறிவிப்பில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"இங்க பாரு, 'அம்மா'ன்னு அடி," என்று ஜெபக்கனி சொல்லிக்கொடுத்தாள். "அ, அப்புறம் ம, இன்னொரு ம, அப்புறம் ஆ. ரெண்டாவது ம தட்டுனதும் மொதோ ம-க்குப் புள்ளி தானா விழுந்துரும். நாலே தட்டு. இதுதான் தமிழ்99. கவுருமெண்டு வச்ச முறை."

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்த எழுத்து எங்கே என்று தேடுவதற்குள் அன்னக்கொடிக்கு உயிர் போனது. மூன்றாம் நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நிமிஷத்துக்கு நாலு வார்த்தை.

"போன்ல நான் இருபது வார்த்த அடிக்கேன்க்கா," என்றாள் அன்னக்கொடி எரிச்சலோடு. "amma-ன்னு இங்கிலீஷ் எழுத்துல தட்டுனா அம்மான்னு வந்து நிக்குது. சோதனைக்கு இருபது நாள்தான் இருக்கு. இதக் கட்டிக்கிட்டு அழச் சொல்றியா?"

"போன் உனக்காக யோசிக்குது, புள்ள. நீ கன்னாபின்னான்னு தட்டுனாலும் அதுவா ஊகிச்சு நாலு வார்த்த நீட்டுது, நீ ஒண்ணப் பொறுக்குற. அது தட்டச்சு இல்ல, சோம்பேறித்தனம். மொதோ பத்து நாளு இது நொண்டும், அப்புறம் பறக்கும். அது மொதோ நாளே ஓடும், அதோட சரி, அங்கேயே நிக்கும்."

"பத்திரிகைக்கடைக்காரி பேச்சப் பாரு!" என்று சிரித்துவிட்டு எழுந்து போனாள் அன்னக்கொடி. அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்பாடு அவளுக்கே தன்னை அறையலாம் போல இருந்தது.

அதற்கப்புறம் போன்தான் கதி. ஷிப்டு முடிந்து விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து தட்டுவாள். என்னத்தைத் தட்டுவது? பழகுவதற்கு ஒரு வாக்கியம் வேண்டுமே. "அம்மாவுக்கு வேலை கிடைச்சிடுச்சு கண்ணு, துணியெல்லாம் எடுத்து வை." ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை இதையே தட்டித் தன் எண்ணுக்கே அனுப்பிக்கொள்வாள். பத்து நாளில் போனுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. amma என்று தொடங்கினாலே மீதி வார்த்தைகள் மேலே வரிசையாக வந்து நின்றன. போகப்போக முதல் மூன்று வார்த்தையோடே நிறுத்தி, அனுப்புகிற அம்புக்குறியைத் தொட்டுவிடுவாள். தட்டு, தட்டு, தட்டு, அம்புக்குறி. கை எத்தனை வேகம் என்று அவளுக்கே பெருமை.

சோதனை நாள் வந்தது. அலுவலகக் கூடத்தில் ஏழு கணினிகள். விசைகளில் தமிழ் எழுத்து ஒட்டியிருக்கவில்லை. வாய் நிறைய வெற்றிலைச் சிவப்போடு ஒரு மேற்பார்வையாளர் நின்றிருந்தார்.

"தமிழ்99 வேணும்னாலும் இருக்கு, இங்கிலீஷ் எழுத்துல தட்டுற ஒலிமுறை வேணும்னாலும் இருக்கு. ஓரத்துல மாத்திக்கிடுங்க. பத்து நிமிஷம். தப்புக்கு மார்க்கு போகும்," என்றார்.

ஒலிமுறையும் இருக்கிறது! அன்னக்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குலசாமியை நினைத்துக்கொண்டு அதைத் தேர்ந்தெடுத்தாள். முன்னால் வைத்திருந்த தாளில் முதல் வார்த்தை 'பணியாளர்கள்'. போனில் தட்டுவது போலவே paniyalargal என்று தட்டினாள்.

திரையில் 'பனியலர்கல்' என்று வந்து நின்றது.

மேலே வார்த்தை வரிசை எதுவும் வரவில்லை. இடைவெளி விசையைத் தட்டினாள். ஒன்றும் மாறவில்லை. அழித்தாள், மறுபடி தட்டினாள், மறுபடியும் அதே பனியலர்கல்.

"சார்... சார், இதுல வார்த்த காட்டல."

அவர் குனிந்து பார்த்தார். "இது ஊகிச்சுத் தராதும்மா. என்ன தட்டுறீங்களோ அதான் வரும். ண வேணும்னா ஷிப்ட் அழுத்தி பெரிய N. ள-வுக்குப் பெரிய L. நெடில்னா ரெண்டு a. நீங்க பழகுனது போன்லயா?"

அவள் தலையாட்டினாள். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்ந்தார். பாவம், அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன்?

பெரிய N, பெரிய L, ரெண்டு a. ஒவ்வோர் எழுத்துக்கும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. எந்த ர, எந்த ன, எது ழ? இத்தனை நாளும் இதையெல்லாம் போன்தான் யோசித்தது. ஒரு வரி முடிவதற்குள் நாலு நிமிஷம் ஓடிவிட்டது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் தமிழ்99-ல் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தாள், கீழே குனியவே இல்லை.

அன்னக்கொடி அவசரத்தில் தமிழ்99-க்கு மாற்றினாள். இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். நடுவரிசையில் அ, இ, உ விரலுக்கு வந்தன. க, ப, ம, த வந்தன. ண எங்கே? ள எங்கே? மூன்றாம் நாள் எழுந்து போனவளுக்கு அதற்கு மேல் எப்படி வரும்? தப்பான விசை, அழி, தப்பான விசை, அழி.

"நேரம் முடிஞ்சது. கைய எடுங்க."

இரண்டரை வரி. அவள் பார்க்கப் பார்க்க மேற்பார்வையாளர் தாளில் ஒரு கோடு போட்டார். "நிமிஷத்துக்கு இருபத்தஞ்சு வார்த்தையாச்சும் வேணும்மா. அடுத்த தடவ பாப்போம்," என்றார். அடுத்த தடவை எப்போது என்று அவருக்கே தெரியாது.

வெளியே வேப்பமரத்து நிழலில் நின்று போனை எடுத்தாள். மாமி போனிலிருந்து கனிஷ்காவின் செய்தி வந்து காத்திருந்தது. "என்னாச்சும்மா?"

கண்ணை நீர் மறைத்தது. அம்மாவுக்கு வேலை கிடைக்கலை கண்ணு என்று எழுத நினைத்தாள். amma என்று தொடங்கினாள். வார்த்தைகள் மேலே வந்து நின்றன. கட்டைவிரல் தன் பாட்டுக்குப் போனது. தட்டு, தட்டு, தட்டு, அம்புக்குறி.

'அம்மாவுக்கு வேலை கிடைச்சிடுச்சு.'

ஐயோ! அழிக்க விரலை வைப்பதற்குள், படித்தாயிற்று என்று காட்டுகிற இரண்டு கோடுகளும் நீலமாகிவிட்டன. மதுரையில் பிள்ளை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

உடனே பதில் வந்தது. "அம்மா!!! துணியும் பள்ளிக்கூடப் பையும் எடுத்து வைக்கட்டா? மாமிகிட்ட சொல்லிட்டேன். எப்ப வர்ற?"

அன்னக்கொடி illa என்று தட்டினாள். போன் சரியாகவே 'இல்லை' என்று காட்டியது. அதற்குப் பின்னால் எழுத வேண்டிய வார்த்தை எதுவும் அந்த வரிசையில் இல்லை. அவள் ஒருநாளும் அதைத் தட்டிப் பழகியதில்லை.

போன் அடித்தது. திரையில், மாமி எண்ணுக்கு அவள் வைத்திருந்த மகளின் முகம். எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.