நடுக்கோடு நின்ற இடம்

நான் பார்க்கிற வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். கூரையில் கேமரா கட்டிய கார் ஒன்று ஊரெல்லாம் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு வரும். அந்தப் படங்களில் தெரிகிற தெருப்பலகை, கடைப்பலகை, பஸ் பலகை எல்லாவற்றையும் படித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். வரைபடம் போடுகிறவர்களுக்கு அது தேவை. "போர்டு படிக்கிறதுக்கெல்லாமா சம்பளம் தர்றான்?" என்று சித்தப்பா கேட்டார். ஓடுகிற வண்டியிலிருந்து எடுத்ததை ஒருநாள் படித்துப் பாருங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஓடும்போது எடுத்த பலகை பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். செங்குத்துக் கோடுகள் கரைந்துபோகும். படுக்கைக் கோடுகள் மட்டும் தங்கும், அதுவும் நீண்டு. ஒன்று என்கிற எண் வெறும் புகையாகிவிடும். எட்டு என்றால் மேலே, நடுவே, கீழே என்று மூன்று பட்டைகள். பூஜ்யம் என்றால் மேலும் கீழும் மட்டும் இரண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். நாள் முழுக்க இதையே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் சுவர்கூட மெதுவாக நகர்வதாகத் தோன்றும். எனக்கு அது பிடிக்கும். அந்த மயக்கத்திலேயே சாப்பிட்டு, அந்த மயக்கத்திலேயே தூங்கிவிடுவேன்.

அக்காவைப் பார்த்ததும் அப்படி ஒரு மயக்கத்தில்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிற நேரம். திரையில் ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. சிக்னலுக்காகக் கார் நின்றிருந்தபோது எடுத்தது, அதனால் தெளிவான படம். மழை விட்டு ஈரமாய்க் கிடந்த தெரு. பஸ்ஸில் ஏற நிற்கிற வரிசை. எல்லா முகங்களையும் மென்பொருள் வழக்கம்போல் மங்கலாக்கிவிட்டிருந்தது. வரிசையின் கடைசியில் உயரமாக ஒருத்தி. குடையின் வளைந்த பிடியைச் சட்டையின் பின்காலரில் மாட்டி, முதுகில் தொங்கவிட்டிருந்தாள்.

உலகத்தில் அப்படிக் குடை மாட்டுகிறவள் ஒருத்திதான். "வால் முளைச்சவளே" என்று அம்மா திட்டத் திட்ட, இரண்டு கையும் காலியாக வேண்டும் என்று அப்படியே திரிந்தவள். வேலைக்குப் போகக்கூடாது என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றபோது, போனவள் போனவள்தான். நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். முகமே தெரியாத அந்தப் படத்தின் முன்னால் எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

ஆனால் எந்தப் பஸ் அது? கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் பலகையைக் குறுக்கே நின்ற ஒரு சின்ன லாரி மறைத்துவிட்டது. அடுத்த படத்தில் லாரி இல்லை, ஆனால் கார் வேகம் எடுத்துவிட்டது. பலகை இருந்தது, இழுபட்டு. ஊர்ப்பெயர் வெறும் சாம்பல் பட்டை. எண் மட்டும் பெரிதாக எழுதியிருந்ததால் கொஞ்சம் பிழைத்திருந்தது. முதலில் மூன்று. அதில் சந்தேகம் இல்லை. அந்த நிறுத்தத்தில் மூன்றில் தொடங்குகிற பஸ் இரண்டே இரண்டு. முப்பது கல்குவாரிக்குப் போகிறது. முப்பத்தெட்டு துறைமுகத்துக்கு.

நடுவில் பட்டை தெரிந்தது. எட்டு. துறைமுகம். கடல்!

வேறு எங்கே போவாள்? விளக்கை அணைத்த பிறகு அவள் பேசியதெல்லாம் கடல்தானே. அலை வந்து படியைத் தொடுகிற வீடு, ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, காலையில் வாசலில் ஒரு நண்டு. கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போவேன். குவாரிக்கு அவள் ஏன் போகிறாள்? தலையணையை உதறினாலே அடுக்குத் தும்மல் போடுகிறவள்.

அன்று இரவே அம்மாவிடம் சொன்னேன். அம்மா சாமான் கட்டாமல் உட்கார்ந்திருந்த காலம் அது. வீட்டை இடிக்கப் போகிறோம், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அம்மா அசையவில்லை. "அவளுக்குத் தெரிஞ்ச ஒரே விலாசம் இதுதான். நாம போயிட்டு, அவ ஒருநாள் வந்து நின்னா?" என்பாள். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. வராதே என்று சொன்ன மனிதர் இல்லை என்பதுகூட அவளுக்குத் தெரியாது. இந்த வீடும் போய்விட்டால் அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு நூல்கூட மிச்சமில்லை.

"நெஜமா அவதானா?"

"குடைம்மா. முதுகுல."

அம்மா சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஞாயிறு தவறாமல் துறைமுகத்துக்குப் போனேன். முப்பத்தெட்டு வந்து நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், முதுகு முதுகாகப் பார்ப்பேன். கடைகளில் விசாரித்தேன். மீன் ஏலம் போடுகிற ஒரு பெண்ணிடம் கேட்டபோது, "குடையைப் பொதுவா கையிலதானே பிடிப்பாங்க?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூச, வருகிறவர்கள் எல்லாம் விளிம்பு கரைந்து அக்காவாகவே தெரிந்தார்கள். பக்கத்தில் வந்ததும் யாரோவாகிப் போனார்கள். மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் படித்ததை இன்னொருவர் மறுபடி படிக்க வேண்டும். அவருக்கு முதலாமவர் சொன்ன விடை தெரியக்கூடாது. முழுப் படமும் தெரியக்கூடாது. பலகையை மட்டும் வெட்டிக் கொடுப்பார்கள். தெருவைப் பார்த்தால் மனசு தெருவிலிருந்து பெயரை ஊகித்துவிடும், எழுத்தைப் படிக்காது. என் பலகைகளை மறுபடி படிப்பவர் எதிர் மேசைக்காரர். முட்டுக்கட்டை என்று பெயர் வைத்திருக்கிறேன். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்லாமல் இருந்தது கிடையாது. அதனாலேயே அந்தப் படத்தை அவருக்கு அனுப்பாமல் வைத்திருந்தேன். என் அக்கா விஷயத்தில் இவர் என்ன மூக்கை நுழைப்பது என்று ஒரு வீம்பு.

அந்த வாரம் வீம்பு உடைந்தது. பலகையை வெட்டி, மற்ற பலகைகளோடு கலந்து அனுப்பினேன். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் விடை வந்துவிட்டது. முப்பது.

நேராக அவர் மேசைக்குப் போனேன். "அது எட்டுங்க. நடுக்கோடு கண்ணு முன்னாடி தெரியுது."

"தெரியுது. யாரோட நடுக்கோடு அது?"

"எட்டோடது."

"மூணோடது," என்றார். படத்தைப் பெரிதாக்கினார். "இங்க ஒரு திருகாணி பளபளன்னு இருக்கு பாருங்க. ஒரு புள்ளி இவ்ளோ நீளக் கோடாயிருக்கு. அப்ப எல்லாமே இவ்ளோ நீளம் இழுபட்டிருக்கு. மூணோட நடுக்கோடும் இழுபட்டுப் பக்கத்து எண்ணுக்குள்ள வந்துடுச்சு. ஆனா அது எங்க நிக்குதுன்னு பாருங்க. மேல்கோடும் கீழ்க்கோடும் கடைசி வரைக்கும் போகுது. நடுக்கோடு ஒரு எண் அகலத்துக்கு முன்னாடியே நின்னுடுது. எட்டா இருந்தா மூணும் ஒண்ணா முடியணும்."

நான் திரையையே பார்த்தேன். அவர் விரல் வைத்த இடத்தில் அந்தப் பட்டை சாதுவாக முடிந்திருந்தது. திருகாணியை அளக்காமல் எண்ணைச் சொல்லாதே என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! எனக்கு என்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?" என்று முட்டுக்கட்டை கேட்டார். குரலில் கிண்டல் இல்லை. "எந்தப் பஸ்ஸா இருந்தா உங்களுக்குத் தேவலை?"

அரைநாள் விடுப்புச் சீட்டு எழுதி அவரிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

முப்பதில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கடைப்பலகைகள் இழுபட்டுக் கோடாகி, கோடுகள் மரமாகி, மரங்கள் வெளுத்துப் புழுதியாயின. குவாரிப் பக்கம் எல்லாமே ஒரே நிறம், மாவு சலித்துவிட்டதுபோல. இலைகூடப் பச்சையாக இல்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தேன். கடைசி நிறுத்தத்தில் நடத்துனரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "குடையை முதுகுல மாட்டிக்கிட்டு ஒருத்தங்க..."

"எடைமேடை அக்காவா?" என்றார் அவர். "வாலு மாதிரி தொங்கும். அதோ, அந்தத் தகரக் கூண்டு."

லாரிகள் ஏறி நின்று எடை பார்க்கிற மேடை. பக்கத்துக் கூண்டில், மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கக் கட்டிக்கொண்டு ஒருத்தி. குடை நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தது. ஒரு லாரிக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது. போதும். அதற்குள் அடுக்குத் தும்மல் வேறு போட்டாள்.

என்னைப் பார்த்ததும் சண்டை பாதியில் நின்றது. மெதுவாகத் துணியை அவிழ்த்தாள்.

"பாப்பா?"

ஊரில் என்னை அப்படிக் கூப்பிட யாரும் மிச்சமில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள்மேல் இருந்த கல்மாவெல்லாம் என்மேல் அப்பியது. லாரிக்காரர் இறங்கி நின்று பார்த்தார்.

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவிழ்த்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "நெனச்சேன். சில நாள் அவர் வேலை பார்த்த கடை இருக்கிற தெரு வழியா போவேன். அவர் இடத்துல வேற யாரோ உட்கார்ந்திருந்தாங்க. கேக்க தைரியம் வரல."

"வீட்டை இடிக்கப் போறாங்கக்கா. அம்மா உனக்காக இன்னும் ஒரு பெட்டிகூடக் கட்டல."

"சாயங்காலம் வர்றேன். நானே கட்டித் தர்றேன்."

பிறகு அவளே கேட்டாள், எப்படிக் கண்டுபிடித்தேன் என்று. பலகையைச் சொன்னேன், எட்டைச் சொன்னேன், ஞாயிறு ஞாயிறாகத் துறைமுகத்தில் காய்ந்ததைச் சொன்னேன்.

"துறைமுகமா? அங்க எதுக்குடி நான் போறேன்?"

"உனக்குத்தானே கடல் பிடிக்கும். ராத்திரி ராத்திரி சொல்லுவியே."

அக்கா என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்து நடுவிலேயே கண் கலங்கிவிட்டது.

"நான் இன்னைக்கு வரைக்கும் கடலைப் பார்த்ததே இல்லடி. நீ தூங்க மாட்டே, 'கடல் சொல்லு, கடல் சொல்லு'ன்னு அழுவே. அதுக்காக இல்லாத வீட்டையும் நண்டையும் சொன்னேன். அது உன்னோட ஆசை பாப்பா."

வெளியே அடுத்த லாரி ஹார்ன் அடித்தது. அக்கா குடையை எடுத்துப் பின்காலரில் மாட்டிக்கொண்டு எடை பார்க்கப் போனாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.