மூன்று சதவீதம்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு, என் ப்ரோகிராமில் பிழை என்று சொல்லும் அந்த டிக்கெட் நான்காவது முறையாகத் திரும்பி வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸைத் தூக்கி எறியாததுதான் பாக்கி.

அன்றுதான் எனக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு என் பெயரில் ஒரு டிக்கெட்கூடத் திறந்திருக்கக் கூடாது. இருந்தால் பணி விடுவிப்புக் கடிதம் கிடையாது. கடிதம் இல்லாமல் கொச்சியில் திங்கட்கிழமை என்னை வேலையில் சேர்க்கமாட்டார்கள். மேனேஜர் பிரதீஷ் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

எதிர் சீட்டில் டெஸ்ட் செய்கிறவள் மாளவிகா. டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியவள் அவள்தான். இங்கே திருவனந்தபுரத்திலேயே ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்துக்காரி.

"என்னட்டி, ஒனக்கு நான் என்ன துரோகம் செஞ்சேன்?" என்று அவளிடம் கத்தினேன்.

"கத்தாதேடி திவ்யா. மூணு பெர்சென்ட்ல வச்சுப் பாரு. மூலையில குத்திண்டு நிக்கறது."

பள்ளிப் பிள்ளைகள் பாடம் எவ்வளவு முடித்தார்கள் என்று காட்டும் பட்டை அது. வெளிச் சட்டத்தின் இரு முனையும் உருண்டை. உள்ளே பச்சை நிறம் நீண்டு போகும். அறுபதில் அழகாக இருந்தது. நான் எப்போதும் அறுபதில்தான் பார்த்தேன். மூன்றில் பச்சை ஒரு ஒல்லிச் செவ்வகம். அதன் கூர்முனைகள் இடப்பக்க வளைவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

சட்டத்துக்கு வெளியே போவதை வெட்டிவிடு என்று ப்ரோகிராமில் ஒரு வரி போட்டால் தீரும். முதல் தடவை அதைத்தான் போட்டேன். பச்சை அடங்கியது, ஆனால் பட்டையின் தலைக்கு மேல் மிதக்கும் '3%' என்ற எழுத்தும் சேர்ந்து வெட்டுப்பட்டது, ப்ரோகிராமில் அதையும் சட்டத்துக்குள்ளேயே எழுதியிருந்ததால். வரியை எடுத்தேன், மூலை குத்தியது. பச்சையின் முனைகளையும் உருட்டினேன். அகலம் போதாமல் அது நெட்டையாக ஒடுங்கி, அப்போதும் வளைவைத் தாண்டியது. குறைந்தபட்ச அகலம் கொடுத்தேன். ஒன்றுமே படிக்காத பிள்ளைக்கும் ஒரு பச்சைப் பொட்டு விழுந்தது. இப்படியே ஒரு வாரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மதியம் சாப்பிடப் போகவில்லை. மூன்றரை மணிக்குத்தான் மண்டையில் உறைத்தது. எழுத்து ஏன் சட்டத்துக்குள் இருக்க வேண்டும்? அதை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். சட்டத்தில் பச்சை மட்டும். வெட்டும் வரியைப் போட்டேன். மூலை அடங்கியது, எழுத்தும் முழுசாக நின்றது.

நாலே கால் மணிக்கு மாளவிகா பூஜ்யம், ஒன்று, மூன்று, தொண்ணூற்றொன்பது, நூறு எல்லாம் வைத்துப் பார்த்து டிக்கெட்டை மூடினாள்.

"அப்பாடா, தப்பிச்சேன்ட்டி!"

"டீச்சர் பக்கத்துலயும் இப்ப சரியாயிருக்குமோன்னோ? ஒரே பட்டைதானே எல்லாத்துலயும்?"

ஒரே பட்டை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவசரத்தில் நானே நகலெடுத்து இன்னும் ஆறு திரைகளில் ஒட்டியிருந்தேன். ஒரே இடத்தில் எழுதியிருப்பேன் என்று நம்பி, அவள் ஒரே டிக்கெட் போட்டிருந்தாள்.

சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அப்போ ஆறு டிக்கெட் போடணுமேடி. கோட்ல உன் பேர்தான் இருக்கு."

"அஞ்சு நிமிஷம் தா, தாயே."

அந்தத் திரைகளில் பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். நாலு ஐம்பத்தொன்றுக்கு, மாற்றியதையெல்லாம் சேர்த்துத் தொகுக்கும் பில்டை ஓட விட்டேன்.

"பில்ட் ஓடறது. முடியறவரை டிக்கெட் போடப்படாது, அதான் ரூல்," என்றாள் மாளவிகா. வாரம் முழுக்க நான் திட்டித் தீர்த்த ரூல் அது.

ஐந்து மணிக்குக் கடிதம் வந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே நிமிஷம் என் லாகின் முடிந்து, கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொண்டது.

ஐந்து ஏழுக்குப் பில்ட் முடிந்தது. மாளவிகா ஒவ்வொரு திரையாக மூன்று சதவீதத்தில் திறந்தாள். ஐந்து சரி. ஆறாவது, பெற்றோர் பார்க்கும் பக்கம். அங்கே மாற்ற மறந்திருக்கிறேன். பச்சை நிறம் மூலையில் குத்திக்கொண்டு நின்றது.

"மாளு, அதை என் பேர்லயே போடு."

"உன் பேரே இப்ப லிஸ்ட்ல இல்லடி. ஜினு பேர்லதான் விழும்."

ஜினு எனக்குப் பக்கத்து சீட்; நான் எழுதியதெல்லாம் இனி அவள் பொறுப்பு. குழந்தையை டேகேரிலிருந்து கூட்டிவரப் பையைத் தோளில் மாட்டி எழுந்திருந்தவள், மெயில் சத்தம் கேட்டுத் திரும்ப உட்கார்ந்தாள். பையை இறக்கவில்லை. திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"என்றெ தெய்வமே! ஆரா திவ்யா இது எழுதியது?"

கடிதம் என் போனில் இருந்தது. வாசல் திறந்துதான் இருந்தது.

"நான்தான்," என்றேன். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று எந்த வரி என்று காட்டினேன். கீபோர்டைத் தொடத்தான் எனக்கு இனி அனுமதி இல்லை.