பெருநாளைக்குக் குறுக்கே ஒரு பூசை

வெள்ளவத்தை காலி வீதியிலிருந்த அந்த மருந்துக் கடைக்கு, தலைமை அலுவலகம் தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு புதுச் சலுகையை அனுப்பியது. இனிமேல் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பண்டிகைக்கென்று வருடத்தில் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு எடுக்கலாம். எந்தப் பண்டிகை, எந்தச் சாமி என்று மேனேஜர் துருவிக் கேட்கக்கூடாது. ஊழியர்களிடையே நல்லிணக்கம் வளரும் என்று சுற்றறிக்கையின் கடைசி வரி நம்பிக்கை தெரிவித்தது.

வளர்ந்தது வேறு.

கடையில் பதிவுபெற்ற பார்மசிஸ்ட் இரண்டே பேர். ஒருவர் சத்தியநாராயணன், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து புறக்கோட்டையில் வேரூன்றிய வியாபாரக் குடும்பம், கடையில் மூத்தவர். மற்றவள் ஸமீமா, போன வருடக் கடைசியில் கலியாணம் முடித்தவள். இருவரில் ஒருவராவது கடையில் நின்றால்தான் டொக்டர் எழுதித் தரும் துண்டுக்கு மருந்து கொடுக்கலாம். இல்லாவிட்டால் சவர்க்காரமும் சீப்பும்தான் விற்கலாம். ஆகவே ஒரே நாளில் இருவருக்கும் லீவு கிடையாது. முதலில் கேட்டவருக்கே நாள். இரண்டு வாரம் முந்திக் கேட்க வேண்டும். வேண்டாமென்றால் முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்குள் ரத்துச் செய்யலாம். நாலு தாண்டினால் எடுத்ததாகக் கணக்கு. பண்டிகை நாட்களுக்கு வருடாந்த லீவு கேட்டுத் தொந்தரவு தரவும் கூடாது.

இந்த விதிகளையெல்லாம் ஓதி முடித்த மேனேஜர் ஹியூபேட், கொட்டாஞ்சேனைக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸமீமா அப்போதே கையைத் தூக்கினாள்.

"சேர், எனக்கு நோன்புப் பெருநாள் வேணும். ஆனா அது வெள்ளியா சனியான்னு வியாழன் ராவு பிறை பாத்துத்தான் தெரியும். ரெண்டு நாளையும் புடிச்சி வைங்க, ஒண்டப் பிறகு விடுறேன்."

"ஒரு பண்டிகைக்கு ஒரு நாள்தான் புள்ள. கம்பியூட்டர் ஒரு திகதிதான் கேக்குது."

"கலண்டர்ல போட்டிருக்கிறது உத்தேசம் சேர். பெரிய பள்ளிவாசல்ல இருந்து சொன்னாத்தான் பெருநாள்."

"பெரிய பள்ளி சொல்லட்டும். பிறை எங்கட பே-ரோல்ல இல்லையே. நாளைக்கு யோசிச்சு ஒரு திகதியோட வாங்க."

மருந்துத் தட்டுக்கு அந்தப் பக்கம் இருமல் பாணிப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்த சத்தியநாராயணனுக்குக் காது இரண்டும் நிமிர்ந்துவிட்டன. போன தீபாவளிக்கு அவர் லீவு கேட்டு, ரோஸ்டரில் பெயரும் ஏறி, வீட்டில் எண்ணெய்ச் சட்டியும் காய்ந்தபோது, ஸமீமாவுக்கு டெங்கு என்று போன் வந்தது. தீபாவளி முழுக்க அவர் கடையில் நின்றார். கொசுவுக்குத் தீபாவளி தெரியாது என்பதை அவர் அறிவால் ஏற்றார், மனதால் ஏற்கவில்லை. அவளுடைய இரத்த அறிக்கையைக் கூட வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

இந்தப் பெருநாள் அவளுக்கு ஏன் முக்கியமென்று கடைக்கே தெரியும். தெமட்டகொடையில் மாமியார் வீட்டில் முதல் பெருநாள். மருமகள் அன்றைக்கு வராவிட்டால் சொந்தக்காரர் முன்னால் தன் முகம் எங்கே போகும் என்று மாமியார் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

சத்தியநாராயணனுக்கும் ஒரு நாள் தேவைப்பட்டது. மகள் லக்ஷ்மிப்பிரியாவுக்கு இந்த வருடம் தலைத்தீபாவளி. மாப்பிள்ளை வருவார், சம்பந்தி வருவார். மாமனார் வாசலில் நிற்காத தலைத்தீபாவளியை அவர்கள் குடும்பத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இரண்டு நாளில் ஒன்று அதற்கு. மற்றதை எதற்கு வைத்திருக்கிறது?

அன்று பின்னேரமே அவர் ஹியூபேட்டின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"வெள்ளிக்கிழமை ஒரு பூசை சார். சனிக்கிழமை மறுபூசை, அது வேற பண்டிகை."

"ரெண்டு நாளும் முடிஞ்சிரும். யோசிச்சுத்தானே?"

"யோசிச்சாச்சு."

"என்ன பூசை எண்டு கேக்கக்கூடாது. ஆனா கம்பியூட்டர்ல ஒரு பேர் அடிக்க வேணும்."

சத்தியநாராயணன் இதை எதிர்பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய கைப்பேசி அடித்தது. திரையில் மனைவியின் பெயர்.

"பெத்தாள் அம்மன்," என்றார். "எங்க குலதெய்வம். ரொம்ப உக்கிரம்."

ஹியூபேட் பக்தியோடு தட்டெழுதினார்.

திட்டம் இதுதான்: இரண்டு நாளையும் அடைத்து வைப்பது. பிறை தெரிந்ததும் பெருநாள் இல்லாத நாளை ரத்துச் செய்து, அதைத் தீபாவளிக்குக் காப்பாற்றுவது. இருபது வருடம் வெள்ளவத்தையில் மருந்து கொடுத்தவருக்கு நோன்பு எப்போது துறப்பார்கள் என்று தெரியும். பிறை எப்போது பார்ப்பார்கள் என்றும் தெரியும். நாலு மணி என்ற விதியும் தெரியும். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க மட்டும் நேரமில்லாமல் போயிற்று. வெறுப்பில் இருப்பவனுக்கு வேலை அதிகம்.

மறுநாள் ஸமீமா ஒரு திகதியோடு வந்தாள். நாள் போய்விட்டிருந்தது. மற்ற நாளும் போய்விட்டிருந்தது.

"அண்ணே, இந்தப் பூசைய எப்பயாவது நீங்க செய்து நான் கண்டதில்லையே?"

"உனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி? லீவு போட்டு ரெஸ்ட் எடுக்கிற ஆளாச்சே நீ."

"நான் டெங்குல கெடந்ததப் பேசுறீங்க."

"நான் எதையும் பேசல. சாமி விஷயம் கேக்கக்கூடாதுன்னு மேலயே சொல்லிருக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு ஹியூபேட்டின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றுமில்லை. அழுதிருப்பாள் என்று சத்தியநாராயணன் முடிவுசெய்துகொண்டு, அன்றைக்கு வந்த நோயாளிகளிடம் வழக்கத்துக்கு மாறாகச் சிரித்துப் பேசினார்.

நோன்பு மாதம் முடியும் அந்த வியாழக்கிழமை வந்தது. பின்னேரம் கடையில் இருவரும் நின்றார்கள். பாங்கு கேட்டதும் ஸமீமா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு இரண்டு துண்டுக்கு ஒரு தரம் கைப்பேசியைப் பார்த்தாள். சத்தியநாராயணனும் பார்த்தார், அந்த இரவு கொழும்பில் ஷவ்வால் பிறையை அவரைப் போல ஆவலாகத் தேடிய இந்து வேறு யாரும் இருந்திருக்க முடியாது. பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள். நாளைக்கே சனிக்கிழமையை ரத்துச் செய்துவிடலாம்.

"காணல்லயாம்," என்றாள் ஸமீமா, யாருக்கும் பொதுவாக. "நோன்பு முப்பதா பூர்த்தி. சனிதான் பெருநாள்."

சத்தியநாராயணன் ஹியூபேட்டிடம் போனார்.

"நாளைக்குப் பூசை வேணாம் சார். நான் வர்றேன்."

"நாலு மணிக்கு லொக் ஆகிட்டுது அண்ணே. வந்தாலும் லீவுதான். வராட்டியும் லீவுதான்."

"பிறை ஆறு மணிக்கு மேலதான சார் தெரியும்!"

"உங்கட அம்மனுக்கும் பிறைக்கும் என்ன தொடர்பு?"

சத்தியநாராயணன் திரும்பிப் போய் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினார்.

வெள்ளிக்கிழமை சத்தியநாராயணன் தன் வீட்டில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். மனைவி பெத்தாளிடம் குலதெய்வ வழிபாடு என்று சொல்லியிருந்தார்.

"எந்தச் சாமிக்குங்க?"

"உனக்குத் தெரியாது."

"தெரியாத சாமிக்கு நான் எதைப் படைக்கிறது?" என்றாலும், வாயில் முணுமுணுப்போடு அவள் ஒரு சர்க்கரைப் பொங்கலை வைத்தாள். "தீபாவளிக்கு லீவு இருக்குல்ல? சம்பந்தியம்மா இப்பவே கேக்குறாங்க."

"இருக்கு, இருக்கு."

இருந்தது. நாலு மணி வரைக்கும் இருந்தது. போன் ஒன்று போட்டு, மறுபூசை வேண்டாம், சனிக்கிழமை நான் வருகிறேன் என்றால் முடிந்தது. மூன்றரைக்கு அவர் போனைக் கையில் எடுத்தார். ஹியூபேட்டின் பெயர்வரைக்கும் போனார். அவர் கடையில் போய் நின்றால் ஹியூபேட் இரங்கி அவளை விட்டுவிடுவார். அப்போதுதான் ஸமீமா புதுச் சல்வாரில், தெமட்டகொடையில், மாமியார் பக்கத்தில் நின்று பிரியாணிச் சட்டியைத் திறக்கும் காட்சி மனதில் ஓடியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வெள்ளைக் கோட்டோடு கடையில் நின்றார், போன தீபாவளியைப் போலவே.

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்றவன் மூக்கு அறுத்த பிறகு என்ன செய்தான் என்று பழமொழி சொல்லவில்லை. தீபாவளிக்கு இன்னும் ஏழு மாதம் கிடக்கிறது. அதற்குள் ஏதாவது வழி வரும். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பொங்கலைச் சாப்பிட்டார். நாலு மணி அடித்தது.

சனிக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தால் போதும். பஸ் ஏறி வெள்ளவத்தையில் இறங்கி, மரக்கறி வாங்க வந்தவர் போல ஒரு பையைப் பிடித்துக்கொண்டு கடைக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

மருந்துத் தட்டுக்குப் பின்னால் சூசைதாசன் நின்றான். கொட்டாஞ்சேனைக் கிளையின் பார்மசிஸ்ட்.

"அட, அண்ணே! பூசை முடிஞ்சா?"

"நீ எங்க இங்க?"

"ஸமீமா கேட்டா. எங்கட கிளையிலயும் ரெண்டு பேர்தானே, ஒராள் அங்க நிண்டா மற்றாள் இங்க வரலாம். வெள்ளி, சனி ரெண்டுக்கும் என்னைத் தயாரா நிண்டுகொள்ளச் சொன்னவ. பிறை எண்டைக்கோ அண்டைக்கு வந்தாச் சரி. பெரிய வெள்ளிக்கு எனக்காக அவ கொட்டாஞ்சேனையில நிப்பா. ஹியூபேட் சேர் அண்டைக்கே ஓம் எண்டிட்டாரே. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு ஏன் தெரியணும்?"

"அதுதானே," என்றான் சூசைதாசன். "ஸமீமா பெருநாள் இனிப்பு அனுப்பியிருக்கிறா, வட்டலாப்பம். கொஞ்சம் எடுக்கிறீங்களா?"

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் சத்தியநாராயணன் ஹியூபேட்டிடம் போனார். அம்மன் பூசை நடக்கவேயில்லை, ஒரு நாளையாவது திருப்பித் தர முடியுமா என்றார். கம்பியூட்டர் தராது என்றார் ஹியூபேட். ஒரேயொரு வழி: தீபாவளியன்று விழும் ஸமீமாவின் வார ஓய்வு நாளோடு அவருடையதை மாற்றிக்கொள்வது. "ஆனா அவட சம்மதம் வேணும் அண்ணே. எனக்கு எழுத்தில வேணும்."

மருதாணிக் கையால் அவள் இன்சுலின் பெட்டிகளைக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்தியநாராயணன் போய்ப் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி. தீபாவளிக்கு ஓஃப் மாத்தித் தருவியா? மகளுக்குத் தலைத்தீபாவளி."

"மகளுக்கா?" அவள் திரும்பவில்லை. "அண்ணே, ஒண்டு கேக்குறேன். மாமி ஊட்டுல எனக்கு மொதல் பெருநாள்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் நம்பாவிட்டாலும், சொல்லக்கூடிய ஒரு வார்த்தை அது.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் செய்தீங்க."

"ஆமா."

அவள் குளிர்பெட்டிக் கதவைச் சாத்தினாள். "அப்ப நானும் தெரிஞ்சே சொல்லுறேன். மாத்தித் தர ஏலா."

"சூசைதாசன் வரட்டுமே, அவன்கிட்ட நான்..."

"அவர் வரலாம். லீவுல போற ஆளுக்குப் பதிலாத்தானே அவர் வர? உங்களுக்கு லீவு இல்ல அண்ணே."

வாசலில் ஒரு அம்மா மருந்துத் துண்டை நீட்டிக்கொண்டு நின்றார். ஸமீமா அவரிடம் போய், "வாங்கம்மா, இருங்க," என்று அன்பாகச் சொன்னாள். சத்தியநாராயணன் ஸ்டோர் அறைக்குள் போய் மகளுக்குப் போன் போட்டார். கடையில் ஆள் இல்லை, தீபாவளியன்று அப்பா இரவுக்குத்தான் வீட்டுக்கு வர முடியும் என்றார். விதி அப்படி என்றார்.

மறுமுனையில் லக்ஷ்மிப்பிரியா, "நீங்க இல்லாம அங்க வந்து என்னப்பா பண்றது? சரி விடுங்க, இங்க அவர் வீட்டுலயே வச்சுக்கிறோம்," என்றாள். "அத்தை முதல்லருந்தே அதைத்தான் சொல்றாங்க."

வெளியே ஹியூபேட்டின் குரல் கேட்டது: "அண்ணே! கவுண்டருக்கு ஆள் வந்திருக்கு!"